சிவப்பாக இருப்பதெல்லாம் ஹாட்ஸ்பாட் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு தாங்கள் வெளியிட்ட பெங்களூரு விபத்து வரைபடத்தைப் பார்த்தேன். சில்க் போர்டு சந்திப்பில் பெரிய சிவப்பு வட்டம், கீழே 'ஹாட்ஸ்பாட்' என்று குறிப்பு. வரைபட வேலையிலேயே பல வருடம் ஓட்டிவிட்டவன் என்பதால் எழுதுகிறேன். அது அதிகப் புள்ளிகள் விழுந்த இடம், அவ்வளவுதான்.

கெட்டிஸ், ஆர்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் ஹாட்ஸ்பாட்டைக் கண்டுபிடிக்கத் தந்த கணக்கு, நகரத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தால், ஒரு கட்டத்தைத் தனியாகப் பார்க்காது; அக்கம்பக்கத்தையும் சேர்த்தே பார்க்கும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நகரத்தில் 400 கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரி 2 விபத்து, திட்ட விலக்கம் 3. ஒரு கட்டமும் அதைச் சுற்றிய எட்டும் சேர்ந்தால் 18 விபத்தை எதிர்பார்க்கலாம். தற்செயலாகவே அது ஒன்பது போல ஏறும், இறங்கும். நடுவில் 14, சுற்றி எட்டிலும் சேர்த்தே 6 என்றால் மொத்தம் 20. கூடுதலாக வந்த 2-ஐ அந்த ஒன்பதால் வகுத்தால் கிடைப்பதுதான் இசட் மதிப்பு: 0.2, கணக்கிலேயே வராது. இன்னோரிடத்தில் எந்தக் கட்டமும் ஆறைத் தாண்டவில்லை, ஆனால் ஒன்பதும் சேர்ந்து 42. இசட் 2.7. 2.58-ஐத் தாண்டினால் 99 சதவீத நம்பிக்கையோடு ஹாட்ஸ்பாட் என்று சொல்லலாம். தங்கள் படத்தில் இந்த இரண்டாவது இடம் வெளிறிய மஞ்சளாகத்தான் தெரியும்.

சரி, அந்த 14 போல ஒரே கட்டத்தில் இத்தனை புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? என் பக்கத்து வீட்டு அண்ணன் பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தார். எஃப்.ஐ.ஆரில் 'சில்க் போர்டு அருகில்' என்று எழுதினார்கள். கம்ப்யூட்டருக்கு 'அருகில்' புரியாது. புள்ளியைச் சந்திப்பின் நடுவிலேயே வைத்துவிடும். இப்படி நாற்பது, ஐம்பது புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் கெட்டிஸ் கணக்கும் ஏமாந்துபோகும். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரே கட்டத்தைச் சுற்றி, அளந்து வெட்டியதுபோல் ஒன்பது கட்டச் சிவப்புச் சதுரம் வரும். நிஜமான ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் சாலையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும்.

இந்தக் கணக்குக்கும் ஒரு குறை உண்டு. மீடியனில் தப்பான ஒரே ஒரு இடைவெளி ஆளைக் கொல்கிறது, அக்கம்பக்கம் அமைதி என்றால் இது அதைத் தவறவிடும். அதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'பிளாக் ஸ்பாட்' விதிதான் சரி: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம்.

அடுத்த முறை படம் போடும்போது, கட்டத்தின் அளவு என்ன, எத்தனை புள்ளிகள் வெறும் சந்திப்புப் பெயரை வைத்துக் குறித்தவை என்று ஓரத்தில் சின்ன எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விவேக் நகர், பெங்களூரு