பெட்டிகளை ஒப்படைக்கும் முன்: கேசட் காப்பு நிதிக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வரும் பொதுக்குழுவோடு என் பதவிக்காலம் முடிகிறது. இரண்டு தவணை, நான்கு ஆண்டுகள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கூட்டத்தில் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வேறொரு காரியத்துக்காக. இதை நானே எழுத வேண்டும் என்று செயற்குழு சொன்னது. நியாயம்தான், இந்தத் தாமதத்தில் நான்கு ஆண்டுகள் என் கணக்கு.

தலைவர் மாறும்போது வங்கிக் கையொப்பம் மாறும். உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாம் கைமாறும். எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஏழு அட்டைப்பெட்டிகளும் கூடவே மாறும். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால், யார் தலைவரோ அவர் வீட்டில் அவை இருக்கும். எனக்கு முன் இருந்தவர் வீட்டில் நிலவறை, அவருக்கு முன் இருந்தவரிடம் கார்க்கொட்டகை, என் வீட்டில் மாடியறை. உள்ளே 58 வீடியோ கேசட்டுகள், 36 ஆடியோ கேசட்டுகள், பழைய ஆண்டு மலர்கள், சில நெகிழ்வட்டுகள். சங்கத்தின் முதல் இருபது ஆண்டு நாடகங்களும் கவியரங்கங்களும், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் மேடைப் பேச்சுகளும் அவற்றில்தான் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது.

சென்ற ஆண்டு ஆறு கேசட்டுகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தோம். மூன்று நன்றாக ஓடின. நிறம் மங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது. நான்காவதில் ஒரு நாடகம் பாதியில் நின்று கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. அதை உடைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. யார் வீட்டில் அந்த ஆட்டம் பதிவானது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஆட்டம் நன்றாகவே இருந்தது.

மற்ற இரண்டிலும் பூஞ்சணம். சின்ன ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தூவியது போலத் தெரியும். பெட்டியைத் திறந்ததும் ஈர வாடை வரும். அப்படிப்பட்ட கேசட்டை டெக்கில் போடவே கூடாது. அந்தப் பொடி டெக்கின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். ஒட்டிப்போன நாடா இழுபட்டு அறுந்தும் போகலாம். இது தெரியாமல் நாங்கள் ஒன்றைப் போட்டோம். படம் பனி பெய்வது போல் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அதோடு அந்த டெக்கும் போனது.

காகிதம் காத்திருக்கும், நாடா காத்திருக்காது. அதன் மேல் பூசிய காந்தப் படலம் காலப்போக்கில் தளரும், ஈரம் பட்டால் இன்னும் விரைவாக. நாடாவாவது தப்பினாலும் அதை ஓட்டக் கருவி கிடைப்பதில்லை. கடைசி வரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பவை எல்லாம் பழையவை. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். 2019-ல் யுனெஸ்கோ இதற்காகவே ஓர் எச்சரிக்கைத் திட்டம் தொடங்கி, 2025 வாக்கில் காந்த நாடாக்களை ஓட்டுவதே அரிதாகிவிடும் என்று உலகெங்கும் உள்ள காப்பகங்களுக்குச் சொன்னது. அந்த ஆண்டையும் தாண்டிவிட்டோம்.

ஆகவே செய்யப்போவது இது. நல்ல கேசட்டுகளை நாமே எண்மமாக்குவோம். பழுதுபார்த்த டெக் இரண்டு, படம் நடுங்காமல் நிலைநிறுத்தும் கருவி ஒன்று, வன்தட்டுகள் ஆகியவை தேவை. ஒவ்வொரு நாடாவையும் முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. இரண்டு மணி நேர நாடகத்தைப் பதிய இரண்டு மணி நேரம் ஆகும், யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கவும் வேண்டும். பூஞ்சணம் பிடித்தவை மட்டும் அதற்கென உள்ள கூடத்துக்குப் போகும். அதுதான் செலவான பகுதி. முடிந்த கோப்புகள் மூன்று பிரதிகளாக இருக்கும்: இரண்டு தனித்தனி வன்தட்டுகளில், ஒன்று இணையச் சேமிப்பில். இரண்டு வன்தட்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டோம்.

பொருளாளர் செலவைப் பங்குகளாகப் பிரித்திருக்கிறார். ஒரு வீடியோ கேசட்டைக் காப்பாற்றும் சராசரிச் செலவு ஒரு பங்கு. மூன்று ஆடியோ கேசட்டுகள் சேர்ந்து ஒரு பங்கு. கருவிகளுக்கு 25 பங்கு. ஆக மொத்தம் 95. செயற்குழு உறுப்பினர்கள் 11 பங்கு எடுத்துவிட்டோம், மீதி 84. ஒரு பங்கின் தொகையும் மதிப்பீட்டுத் தாளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. முழுப் பங்கு இயலாதவர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒன்றை எடுக்கலாம். எந்தப் பங்கு எந்தக் கேசட்டுக்குப் போனது என்று உங்களுக்கு எழுதித் தெரிவிப்போம்.

பணம் சங்கத்தின் பொதுக் கணக்கில் கலக்காது. தனிக் கணக்கில் இருக்கும். புதிய தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் எடுக்க முடியும். என் கையொப்பம் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. 84 பங்கும் சேராவிட்டால், சேர்ந்த அளவுக்கு மிகப் பழைய நாடாக்களில் இருந்து தொடங்குவோம். மிஞ்சினால் அதை என்ன செய்வது என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யும்.

ஆண்டு மலர்கள் இந்த மதிப்பீட்டில் இல்லை. அச்சுப் பிரதிகள் இருப்பதால் அவற்றைப் பிறகு வருடிக்கொள்ளலாம். நெகிழ்வட்டுகளில் உள்ள கோப்புகள் பழைய பாமினி எழுத்துருவில் உள்ளவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்று தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றுவது எளிது. ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மாறி உளறலாகிவிடும், அவற்றைக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். பணம் தர இயலாதவர்கள் இந்தப் பணிக்குப் பெயர் கொடுங்கள். டெக் பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டும்.

இன்னொன்று. அந்த மேடைகளில் குழந்தைகளாக ஏறியவர்கள் இன்று நம் உறுப்பினர்கள், சிலர் பெற்றோர். அவர்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பதிவும் பொதுவில் வெளியாகாது. முதலில் உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் ஒரு திரையிடல் நடக்கும். யாருக்கு ஆட்சேபம் இருக்கிறதோ அவர் பகுதியை வெட்டிவிட்டுத்தான் மற்றது.

பொதுக்குழு அன்று ஏழு பெட்டிகளையும் மண்டபத்துக்குக் கொண்டுவருகிறேன். இந்த முறை அவை பட்டியலில் இருக்கும்: ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண், ஆண்டு, நிலை. புதிய செயலாளர் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடுவார். உங்கள் வீட்டிலும் சங்கத்தின் பழைய கேசட் ஏதாவது கிடந்தால், ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காமல் அப்படியே எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
பதவி நிறைவு செய்யும் தலைவர்,
செயற்குழுவின் சார்பில்