கேட் பூட்டுவது இருக்கட்டும், சாவி எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் பெண்கள் பி.ஜி. தேடுவது எப்படி என்று அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. விளம்பரத்திலேயே விதிகளை அடுக்குகிற வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், அது ஜெயில் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதே நாள், அதே தாள், வரி விளம்பரப் பகுதியில் என் வீட்டு விளம்பரமும் வந்திருந்தது. "குரோம்பேட்டை, பெண்கள் மட்டும், உணவுடன், இரவு 9.30க்கு கேட் பூட்டப்படும்." கட்டுரையைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் என்ன நினைப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெயிலர் அம்மா நான்தான்.

நான் எழுதிக் கொடுத்தது அதுவல்ல என்பதுதான் வேடிக்கை. "இரவு 9.30க்கு கேட் பூட்டப்படும், நைட் ஷிஃப்ட்டுக்கு விலக்கு உண்டு, ஒரு சாவி உள்ளேயே இருக்கும்" என்று எழுதியிருந்தேன். வார்த்தை கூடிவிட்டது என்று பின்பாதியை உங்கள் ஆட்கள் வெட்டிவிட்டார்கள். கட்டணத்தை மட்டும் வெட்டவில்லை.

விதி எழுதுகிற வீடு மோசமா, எழுதாத வீடு மோசமா? பதிமூன்று வருடமாக மாடியில் மூன்று அறையில் ஏழு பெண்களை வைத்துக்கொண்டிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், விதியே இல்லாத பி.ஜி. ஊரில் கிடையாது. விளம்பரத்தில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என் தங்கை மகள் இரண்டாவது ரகத்திடம் மாட்டினாள். விளம்பரத்தில் இருந்தது ஒரே வரி: "6,500 ரூபாய், மூன்று வேளை உணவு, முழு பாதுகாப்பு." படிக்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். பெட்டியோடு போய் இறங்கிய பிறகுதான் இரண்டு மாத அட்வான்ஸ் 13,000 என்றார்கள், கரண்ட் பில் தனி என்றார்கள், ஞாயிறு ராத்திரி சமையல் கிடையாது என்றார்கள். ஆறு மாதம் கழித்து வேலை மாறியது. ஜூன் 5ஆம் தேதி, மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொன்னாள். நோட்டீஸ் மாதம் பிறக்கும் முன்பே தந்திருக்க வேண்டுமாம், 5ஆம் தேதி சொன்னால் ஜூலையும் சேர்த்துத்தான் கணக்காம். அட்வான்ஸில் 6,500 போனது. சுவருக்குப் பெயின்ட் என்று 2,000 போனது. மிச்சம் 4,500 ரூபாயை அதுவும் மூன்று தடவை போன் போட்டு வாங்கினாள். இதில் எந்த விதி விளம்பரத்தில் இருந்தது? கட்டுரையாளரின் கணக்குப்படி அதுதான் சுதந்திரமான வீடு.

அதனால்தான் நான் எழுதுகிறேன். அட்வான்ஸ் ஒரு மாத வாடகை, நோட்டீஸ் எந்தத் தேதியில் தந்தாலும் அன்றிலிருந்து 30 நாள், பிடித்தம் எதற்கெல்லாம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். இது எல்லாம் விளம்பரத்தில் வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. நோட்டீஸ் எந்த நாளிலிருந்து கணக்கு என்ற ஒரு வரி வந்தாலே போதும், பாதிச் சண்டை வராது.

கேட் விஷயத்துக்கு வருகிறேன், என் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ராத்திரி கேட் பூட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பூட்டிய பிறகு சாவி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். உங்கள் தாளிலும் செய்தி வந்திருக்கும். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஃபிரிட்ஜ் மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. ஏழு பேரும் இறங்கி வரவேண்டிய ஒரே வழி அந்தப் படி. அதில் தீப்பிடித்தால் எப்படி வருவார்கள்? படிக்கு மேலே கிரில் கதவு வேறு, அதன் சாவி கீழே என் தலையணைக்கு அடியில். எனக்கு சுகர் மாத்திரை போட்டால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜைப் பின்பக்கச் சமையல்கட்டுக்கு மாற்றி அதற்கென்று தனி லைன் இழுத்தேன். கிரில் சாவி இப்போது மாடி ஹாலில், கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆணியில் சிவப்பு ரிப்பனோடு தொங்குகிறது. புதிதாக வருகிற பெண்ணை முதல் நாள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு அந்தச் சாவியை எடுத்துத் திறந்து காட்டச் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள். வெளியிலிருந்து ஆள் வராமல் இருக்கத்தான் பூட்டு, உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் இருக்க இல்லை. "ஒரு சாவி உள்ளேயே இருக்கும்" என்று நான் எழுதியது இதைத்தான். அதைத்தான் நீங்கள் வெட்டினீர்கள்.

கேமராவும் அப்படித்தான். "சி.சி.டி.வி. உண்டு" என்று போட்டால் பெற்றவர்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. 2018 டிசம்பரில், எங்களுக்கு நான்கைந்து ஸ்டேஷன் தள்ளி என்று சொல்லலாம், ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி நடத்தியவரே பிளக் பாயிண்டுக்குள் ரகசிய கேமரா வைத்துக் கைதானார். கேமரா இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். என் வீட்டில் ஒன்றே ஒன்று, தெருக் கேட்டைப் பார்த்து. மாடியில் கிடையாது. வருகிறவர்களே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம், எதற்கென்று தெரியாத பிளக் இருந்தால் திருப்புளி தருகிறேன், கழற்றிப் பார்க்கட்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை. உரிம எண்ணை விளம்பரத்தில் கேட்டு வாங்கிப் போடலாம் என்று மூன்று வருடம் முன்பே உங்களுக்குக் கடிதம் எழுதினேன், அப்போது பதிலே வரவில்லை. அரைப் பக்கக் கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெயில் என்று எழுத மட்டும் இடம் இருந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "வீட்டுச் சாப்பாடு" என்ற வார்த்தையைத் தடை செய்தால்கூட நான் கவலைப்பட மாட்டேன். எந்த வீட்டுச் சாப்பாடு? எங்கள் வீட்டில் ஏழு பேருக்கு மதியத்துக்கு ஒரு கிலோ அரிசி உலை வைக்கிறோம், காலை ஏழேகாலுக்கு டப்பா மூடியாக வேண்டும், ஏனென்றால் ஏழரைக்கு ஒரு பெண் தாம்பரம் பக்கம் கம்பெனி பஸ் பிடிக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் கலந்த சாதம், மற்ற நாள் சாதம், குழம்பு, ஒரு பொரியல். ராத்திரி சப்பாத்தி அல்லது இட்லி, எட்டரைக்கு. லேட்டாக வருகிறவளுக்கு மூடி வைப்போம், ஆனால் பத்து மணிக்கு மேல் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். சமையலுக்கு வரும் அக்காவுக்கும் வீடு வாசல் உண்டு, அது எங்கள் விதி. அசைவம் ஞாயிறு மதியம் மட்டும். இதைச் சொன்னால் ஒரு பெண் வருவாள், ஒருத்தி வரமாட்டாள், இரண்டும் நல்லதுதான்.

கட்டுரையாளர் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று யோசனை சொல்லியிருந்தார். ஐயா, ஞாயிறு மதியம் எந்த விடுதியிலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். 26, 27ஆம் தேதி வாக்கில், வார நாளில், ராத்திரி எட்டரைக்குப் போகச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சாம்பார் எவ்வளவு தண்ணியாகிறது என்று அப்போது தெரியும். அப்படியே குப்பைக்கூடையையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். பாதி சாதம் அங்கே கிடந்தால், வெளியே பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே சாப்பிட முடியாது என்று அர்த்தம்.

விளம்பரம் வந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு அழைப்பு, அதில் ஒன்பது புரோக்கர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஆண் குரல், "லேடீஸ் ஹாஸ்டலா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. அழைக்கும் நேரம் காலை 10 முதல் மாலை 6 என்று நான் எழுதியதும் வெட்டுப்பட்ட வார்த்தைகளில்தான் போனது. உருப்படியாகக் கேட்ட பெண்கள் மூன்று பேர். மூன்று பேருமே முதலில் கேட்டது, "ஆன்ட்டி, நைட் ஷிஃப்ட் இருந்தா உள்ளே விட மாட்டீங்களா?" என்றுதான். அதில் ஒரு பெண் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மறுப்பு வேண்டாம், வருத்தமும் வேண்டாம். இரண்டு படுக்கை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு விளம்பரத்தைக் கீழே உள்ளபடி வெட்டாமல் போடுங்கள், கூடுதல் வார்த்தைக்குக் காசு வேண்டும் என்றால் அதையும் கட்டிவிடுகிறேன், ரசீது மட்டும் சரியாகத் தரச் சொல்லுங்கள், போன தடவை தரவில்லை.

"குரோம்பேட்டை, ஸ்டேஷனிலிருந்து நடை 8 நிமிடம். மாணவிகள், வேலைக்குப் போகும் பெண்களுக்கு டபுள் ஷேரிங், 2 படுக்கை காலி. மூன்று வேளை உணவு, ஞாயிறு உட்பட. கேட் 9.30க்குப் பூட்டப்படும், நைட் ஷிஃப்ட்டுக்கு விலக்கு உண்டு, ஒரு சாவி உள்ளேயே இருக்கும். அட்வான்ஸ் ஒரு மாதம், நோட்டீஸ் எந்தத் தேதியிலிருந்தும் 30 நாள். அழைக்க காலை 10 முதல் மாலை 6 வரை."

இப்படிக்கு,
பதினெட்டு வருடச் சந்தாதாரர்,
குரோம்பேட்டை