நம்ம தையல் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த பாக்கி மெசேஜ் பத்தி

அக்காமாருக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம். பத்து நாளா ஒரு ஸ்கிரீன்ஷாட் சுத்திக்கிட்டு இருக்கறது உங்களுக்குத் தெரியும். கடைக்கு வர்றவங்க நேரா கேக்காம கண்ணால கேக்கறாங்க, சிலபேர் போன் போட்டே கேட்டுட்டாங்க, அதனால நானே எழுதிடறேன். பதினாலு வருஷமா நம்மகிட்ட துணி குடுக்கற ஒரு அக்காவுக்கு "பாக்கி 2,350 ரூபா இன்னும் வரல, அத முடிச்சா இந்த தடவ பிளவுஸ வாங்கிக்கலாம்"னு நம்ம கடை நம்பர்லேர்ந்து ஒரு மெசேஜ் போச்சு. அந்த அக்கா ஒரு ரூபா பாக்கி வெச்சதில்ல, இத எங்க வேணா சொல்லுவேன். வேற ஒரு அக்காவுக்கு போக வேண்டிய மெசேஜ் அது, தப்பு என்னோடது.

ரெண்டு பேரோட பேரையும் மாத்திதான் எழுதறேன், ஆனா ஒரே மாதிரி இருக்கற பேராவே வெச்சுக்கறேன், இல்லன்னா நடந்தது புரியாது. ஒருத்தவங்க வசந்தா, இன்னொருத்தவங்க வசந்தி. என் போன்ல ரெண்டும் இங்கிலீஷ்ல Vasantha, Vasanthi. கடைசி ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு கல்யாணமாகி போனதுலேர்ந்து மெசேஜ் டைப் பண்ண ஆள் இல்ல. எனக்கு வெட்டற நேரத்துல கையெல்லாம் சாக்பீஸ் தூளு, அதான் போன்கிட்ட வாயால சொல்லி அனுப்ப ஆரம்பிச்சேன். "துணி ரெடி"ன்னு தினமும் பத்து பதினஞ்சு மெசேஜ், மூணு மாசம் ஒரு பிரச்சனையும் வரல, அதுலதான் அசந்துட்டேன். அன்னிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முகூர்த்த துணி குவிஞ்சு கெடக்கு, மேஜை மேல ஒரு பட்டுத்துணிய விரிச்சு கழுத்து வெட்டிக்கிட்டு இருக்கேன், பட்டுல கத்திரி பாதியில நின்னா ஓரம் பிசிறும், பக்கத்துல ஓவர்லாக் மிஷின் ஓடுது. கத்திரிய எடுக்காமலே "வசந்திக்கு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பு"ன்னு சொல்லிட்டு விஷயத்தையும் சொன்னேன். போன் திருப்பி படிச்சு காட்டுச்சு, முதல்ல பேரு, அப்புறம் மெசேஜ், கடைசியில அனுப்பட்டுமான்னு கேட்டுச்சு. பேரு வந்த நேரத்துல ஓவர்லாக் கடகடன்னுச்சு. எனக்கு கவலையெல்லாம் தொகை சரியா விழுந்துச்சாங்கறதுதான், 2,350ன்னு காதுல விழுந்ததும் "அனுப்பு"ன்னுட்டேன்.

போச்சு, வசந்தா அக்காவுக்கு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா "மிஷின் மேல பழிய போட்டு தப்பிக்கறா"ன்னு ஒருத்தவங்க எழுதியிருந்தாங்க, அது ரொம்ப வலிச்சுது. நான் மிஷின் மேல பழி போடல. அது கேட்டுச்சு, நான்தான் கேக்காம பதில் சொன்னேன். "பாக்கி வசூல் பண்ண வேணும்னே வேற ஆளுக்கு அனுப்பி அந்தம்மா காதுக்கு போக விட்டாங்க"ன்னும் ஒரு பேச்சு வருது. அப்படி யாரையும் அவமானப்படுத்தி நான் காசு வாங்கினதே கெடையாது. கடன் நோட்டு மேஜை டிராயருக்குள்ள பூட்டி இருக்கும், யார் எவ்ளோ தரணும்னு என் கூட வேலை செய்யற பொண்ணுங்களுக்கே தெரியாது. அளவு நோட்டும் அப்படிதான். ஒருத்தவங்க அளவ இன்னொருத்தவங்க முன்னாடி சத்தமா படிக்கக்கூட மாட்டேன்னு உங்களுக்கே தெரியும், டிரையல் ரூம்ல உங்க காதுகிட்டதான சொல்லுவேன். அப்படி இருக்கற என்னைய ஊருக்கு சொல்றவன்னு சொன்னா எப்படி தாங்கறது. வசந்தி அக்காகிட்டயும் நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டேன், அவங்களுக்கு பாக்கி இருக்கறது என்னாலதான் நாலு பேருக்கு தெரிஞ்சுது, அவங்க தப்பு அதுல ஒண்ணுமே இல்ல.

அடுத்ததா நான் செஞ்ச ரெண்டாவது தப்பு. ராத்திரி ஒம்பது மணிக்கு கடைய சாத்தறப்பதான் மெசேஜ பாத்தேன், நீல டிக் விழுந்திருக்கு. பதட்டத்துல Delete for everyone குடுத்துட்டேன். வாட்ஸ்அப்ல கிட்டத்தட்ட ரெண்டு நாள் வரைக்கும் அத செய்யலாம், ஆனா அந்த பக்கம் மெசேஜ் அழிக்கப்பட்டதுன்னு ஒரு வரி நிக்கும். படிச்சு முடிச்சவங்களுக்கு அது எப்படி தெரியும், செஞ்சுட்டு மறைக்கறாங்கன்னுதான் தெரியும். அவங்க ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. நீல டிக் விழாம இருந்தா அழிக்கறது சரி, அதுலயும் சிலபேர் நீல டிக்கை ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க, அதையும் நம்ப முடியாது. விழுந்துட்டா அழிக்காம உடனே போன் போட்டிருக்கணும். நான் மறுநாள் காலையில போட்டேன், அதுக்குள்ள குரூப்ல போயிடுச்சு.

ஞாயித்துக்கிழமை கடைய சாத்திட்டு அண்ணன் பையன வெச்சுக்கிட்டு இது ஏன் மாறுதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தோம். நிதானமா வசந்தி, வசந்தான்னு தனியா சொன்னா சரியா எடுக்குது. ஆனா நாம பேசறப்ப அப்படியா சொல்றோம், வசந்திக்கு, வசந்தாக்குன்னு ஒட்டிச் சொல்றோம். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கடைசி எழுத்துலதான் இருக்கு, அந்த எழுத்து மேலயே "க்கு" வந்து உக்காந்துடுது, வேகமா சொன்னா ரெண்டும் "வசந்தக்கு" மாதிரிதான் விழுது. வசந்தியக்கா, வசந்தாக்கான்னு சொன்னா இன்னும் மோசம். இதுல நான் பெருசா நம்பிக்கிட்டு இருந்தது, ரெண்டு பேர் இருந்தா எந்த வசந்தின்னு அதுவே கேக்கும்னு. கேக்கும், ஆனா அதுக்கு சந்தேகம் வந்தாதான். ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தாலோ ஒருத்தருக்கே ரெண்டு நம்பர் இருந்தாலோ கேக்குது. வசந்தான்னு அது தப்பா எடுத்துட்டா, அந்த பேர்ல ஒரே ஒருத்தவங்க அச்சா இருக்காங்க, அப்புறம் அதுக்கு என்ன சந்தேகம். தப்பா எடுத்தது அதுக்கு தெரியவே தெரியாது. மிச்சம் இருக்கற ஒரே தடுப்பு அனுப்பட்டுமான்னு கேக்கற அந்த நிமிஷம்தான், அப்பயும் பேரு காதுக்கு வேறயா கேட்டாதான் பிரயோஜனம்.

அதனால இப்ப பேரையெல்லாம் மாத்தி சேவ் பண்ணிட்டேன். முன்னாடி "வசந்தி சன்னதி தெரு"ன்னு பின்னால அடையாளம் போடறது வழக்கம், இப்ப அடையாளத்த முன்னால வெச்சுட்டேன், "சன்னதி தெரு வசந்தி", "டீச்சர் வசந்தா". படிச்சு காட்டறப்ப முதல் சத்தமே வேறயா இருக்கு, மிஷின் ஓடினாலும் பிடிபடுது, ஸ்கிரீன்லயும் நீளமான பேரோட வால்தான் மறையும், தலை தெரியும். மொதல்ல பில் நம்பர் போட்டு சேவ் பண்ணிப் பாத்தேன், அது சரிவரல, எழுபதும் எண்பதும் சத்தத்துல ஒண்ணாவே கேக்குது. ஒரே மாதிரி பேரு இருக்கற எல்லாரையும் தேடி எடுத்தேன், கமலா கோமளா, சாந்தா சாந்தி, மூணு கவிதா. இந்த வேலைக்கு ஒரு முழு ராத்திரி ஆச்சு.

இன்னொண்ணு, மெசேஜுக்கு உள்ளயே பேரு சொல்லிடறேன். "சன்னதி தெரு வசந்தி அக்கா, உங்க ரெண்டு பிளவுஸ் ரெடி"ன்னு. அனுப்பறதுக்கு முன்னால படிச்சு காட்டறப்ப யாருக்குங்கறதும் உள்ள இருக்கற பேரும் ஒண்ணான்னு ஒத்துப் பாக்கலாம். "டீச்சர் வசந்தாவுக்கு: சன்னதி தெரு வசந்தி அக்கா"ன்னு வந்துச்சுன்னா அங்கயே வேணாம்னு சொல்லி நிறுத்திடலாம். அதையும் மீறி போயிட்டாலும் வாங்கறவங்களுக்கு இது நமக்கு இல்லன்னு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுடும். அனுப்பட்டுமான்னு கேக்கறப்ப ஓவர்லாக்க நிறுத்தச் சொல்லிட்டு ஸ்கிரீன்ல பேர பாத்துட்டுதான் இப்ப சரி சொல்றேன், "ம்"முன்னு சொல்றது கெடையாது. காசு விஷயமும் அளவு விஷயமும் இனி வாயால போகாது, கைய துடைச்சுக்கிட்டு நானே டைப் பண்றேன், இல்ல போன் போடறேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மகிட்ட இருந்து வர்ற மெசேஜ்ல உங்க பேரு இல்லன்னா தயவுசெஞ்சு உடனே ஒரு போன் போடுங்க. உங்க போன்லேர்ந்து வாயால சொல்லி அனுப்பறவங்களும் ஒருதடவ பாத்துக்கங்க, டெய்லர் அக்கா, டெய்லர் அண்ணன்னு ரெண்டு நம்பர் வெச்சிருக்கவங்க நெறய பேர் இருக்கீங்க, போன மாசம் ஒரு தங்கச்சி கை நீளம் அஞ்சே முக்கால் வேணும்னு சொன்ன மெசேஜ் நமக்கு வரவே இல்ல, அவங்க வீட்டுக்காரர் பேன்ட் தைக்கறவர்கிட்ட போயிருக்கு, நான் பழைய அளவுலயே ஆறரை வெச்சு தெச்சுட்டேன். ஐபோன் வெச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல Siri-க்குள்ள Automatically Send Messages-ங்கற ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது ஆன்ல இருந்தா சரியான்னு உங்கள கேக்காமலே போயிடும், ஆஃப் பண்ணிட்டா கேட்டுட்டுதான் அனுப்பும்.

இவ்ளோ நடந்தும் அந்த வாரமே துணி கொண்டுவந்து குடுத்தவங்க இருக்கீங்க. ஒருத்தவங்க கவுன்ட்டர்ல உக்காந்து ஒரு மணி நேரம் எனக்காக போன் எடுத்து பேசினாங்க, ரெண்டு பேர் அந்த குரூப்லயே "எங்களுக்கு இவங்கள தெரியும்"னு எழுதினீங்க. உங்க எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்றேன், இத மறக்கமாட்டேன். கவுன்ட்டருக்கு புதுசா ஆள் சேத்திருக்கேன், அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்து லைனிங் பிளவுஸுக்கு கூலி 40 ரூபா கூடுது.

வசந்தா அக்கா, உங்க மூணு பிளவுஸும் கொக்கி வெச்சு அயர்ன் பண்ணி இருக்கு, வியாழக்கிழமை சாயங்காலம் நானே வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு
உங்க தையக்கார அக்கா