தரவு கசிந்தால் தண்டம் அரசுக்கு, பாதிக்கப்பட்டவருக்கு என்ன?

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(2) உட்பிரிவு, தரவு கசிவால் நட்டமடைந்தவர் இழப்பீடு பெற வழிதரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்குகிறது. அந்த நீக்கம் நடைமுறைக்கு வருமுன் அதை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்திலிருந்து அவருடைய கோப்பு கசிகிறது. பாலிசி எண்ணையும் அறுவை சிகிச்சை நடந்த தேதியையும் சரியாகச் சொல்லி ஒருவன் தொலைபேசியில் பேச, அவர் நம்பி 80,000 ரூபாயை இழக்கிறார். 43ஏ பிரிவின்படி அவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம், அதாவது சட்டம் குறிப்பிடும் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம், இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவரே விசாரிப்பார். கசிந்தது மருத்துவ விவரம் போன்ற நுண்ணுணர்வுத் தகவல் என்பதையும், நியாயமான பாதுகாப்பில் நிறுவனம் அலட்சியம் காட்டியது என்பதையும், அதனால் நட்டம் நேர்ந்தது என்பதையும் மனுதாரர் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதே கடினம். மோசடிக்காரனுக்கு அந்த விவரம் எங்கிருந்து கிடைத்தது என்று சாதாரண மனிதர் எப்படி நிரூபிப்பார்? வெறும் முகவரியும் தொலைபேசி எண்ணும் கசிந்தால் இந்தப் பிரிவு உதவாது என்பதும் உண்மை. இருந்தும் இதே மன்றம் வெற்று அலங்காரமாக இருக்கவில்லை: போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு, அதே சட்டத்தின் வேறு பிரிவுகளின்கீழ், தமிழ்நாட்டின் அலுவலர் 2010இல் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டார்.

புதிய சட்டத்தில் அதே மனிதர் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குச் செல்கிறார். வாரியம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் 34ஆம் பிரிவின்படி அது முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. 80,000 ரூபாய் இழந்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்க வழியில்லை. வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவையும் 39ஆம் பிரிவு அடைக்கிறது. நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே செல்ல அவர் கட்டணம் செலுத்திய நுகர்வோராக இருந்தாக வேண்டும். இலவசச் செயலியில் தகவல் தந்தவருக்கு அந்த வழியும் எளிதல்ல.

இத்தனைக்கும் இச்சட்டத்துக்கு முன்னோடியான 2019ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 64ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு இடம் தந்திருந்தது. அதைக் கைவிட்டது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

ஆகவே, பாதிக்கப்பட்டவர் நேரடியாக இழப்பீடு கோரும் பிரிவொன்றைத் திருத்தமாகக் கொண்டுவாருங்கள். பாதுகாப்பு ஒழுங்காக இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பை, பதிவேடுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்திடமே ஒப்படையுங்கள். அதுவரை 43ஏ பிரிவை நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர்