ஆறு மணிக் கூட்டத்தை ஐந்தேகாலுக்கு நகர்த்துங்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக இந்த ஊரில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நான் தொழுபவன் அல்லன். அதனால்தான் இதை நான் எழுதுவது எளிது என்று தோன்றியது.

2026 ரமலானில் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்றாட உற்பத்திக் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. அன்று கட்டிங் மாஸ்டர் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிறத்தில் நானூறு பீஸ் குறைந்ததால் எல்லோரும் அவரையே கேள்வி கேட்டோம். மணி 6.29 ஆனபோது பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, மேசைக்குக் கீழே குனிந்து வாயில் போட்டுக்கொண்டு, "கழிவில் போனது தொண்ணூறு" என்று தொடர்ந்தார். கூட்டம் ஏழுக்கு முடிந்தது. வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி தூக்குப்போசியில் ஆறிப்போயிருந்தது. கேட்டால் "பரவாயில்லைங்க" என்றார். இருபது ஆண்டுகளாக அதையேதான் சொல்லி வருகிறார் போலும்.

ஐந்து வேளைத் தொழுகை என்றதும் மேலாளர்கள் பயந்துவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கூட்டமே வைக்க முடியாதோ என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நண்பகல் தொழுகையான லுஹருக்கும் பிற்பகல் தொழுகையான அஸருக்கும் நேரம் தாராளம். இங்கே பிப்ரவரியில் லுஹர் 12.35 வாக்கில் தொடங்கும். ஷாஃபி வழியினருக்கு அஸர் நான்கை ஒட்டியும், ஹனஃபி வழியினருக்கு ஐந்தை ஒட்டியும் தொடங்கும். நடுவில் அரை மணி நேரக் கூட்டம் எங்கு வந்தாலும் அவர்கள் முன்னோ பின்னோ தொழுதுகொள்வார்கள். நகர்த்த முடியாதவை இரண்டுதான்: சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப், வெள்ளிக்கிழமை மதியக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ.

மஃரிப் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நம் ஊரில் நவம்பர் நடுவில் சூரியன் 5.55 வாக்கில் மறைகிறது, ஜூலையில் 6.48 வாக்கில். ஆறு மணிக் கூட்டம் ஆண்டு முழுவதும் இந்த இடைவெளியில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. 5.15க்குத் தொடங்கி 5.45க்கு முடித்தால் எந்த மாதத்திலும் மோதாது. "ஐந்தரை வரை எண்ணிக்கை வராதே" என்பார்கள். உண்மைதான். எங்கள் தளத்தில் ஐந்து மணி வரை எண்ணியதை எடுத்துக்கொண்டு, மீதியை மறுநாள் காலைத் தாளில் சேர்க்கலாம். மாலையில் கோயிலுக்குப் போகும் எங்கள் கணக்காளர் அம்மாவும் இதைத்தான் விரும்புவார். அவர் இதுவரை கேட்டதே இல்லை.

ஜும்ஆவின் சிக்கல் வேறு. அதை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஜெர்மன் வாடிக்கையாளருடன் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு, அதாவது அவர்கள் காலையில், வாராந்திர அழைப்பு. குளிர்காலத்தில் அது நமக்கு மதியம் 1.30. பள்ளிவாசலில் ஒன்றேகாலுக்குத் தொழுகை முடிந்துவிட்டால் வண்டியில் வந்துவிடலாம். மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். மறு வெள்ளியே அழைப்பு நமக்கு 12.30க்கு வந்துவிடும், சரியாகத் தொழுகைக்கு முந்தைய பயான் என்னும் சொற்பொழிவு நேரம். அட்டவணையை யாரும் தொடவில்லை. ஆனாலும் எங்கள் சாம்பிள் பிரிவுத் தம்பி ஏழு மாதம், அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, ஜும்ஆவைத் தவறவிட்டார். வெள்ளி அழைப்பை இந்திய நேரம் 2.30 என்று நிலையாக்கிவிட்டால் போதும். அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை 10, கோடையில் 11. நான் கேட்டேன், ஒரே மின்னஞ்சலில் சம்மதித்தார்கள்.

நோன்பு மாதத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். 2027ல் அது பிப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவு ஐந்தரைக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். அதன்பின் மாலை 6.26, 6.30 வரை தண்ணீர்கூட இல்லை. தலை தெளிவாக இருப்பது முற்பகலில். விலை பேசுவது, அளவுப் பிழையைத் தீர்ப்பது போன்ற கூட்டங்களைப் பத்து மணிக்கு வையுங்கள். மூன்றரைக்கு மேல் வைத்து அவர்களைக் களைப்பில் கையெழுத்திட வைக்காதீர்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்கான இரவு அழைப்பையும் அந்த மாதம் வேறொருவர் எடுக்கட்டும். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் வரும் தராவீஹ் தொழுகை நீளமானது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "யாரெல்லாம் தொழுவீர்கள், கை தூக்குங்கள்" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். "பாய்க்காக மாற்றினோம்" என்றும் சொல்லாதீர்கள். நேரம் எல்லோருக்கும் பொதுவாக மாறட்டும். பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் ஜும்ஆ நேரம் மாறும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அலுவலகத்துக்கான புதிய அட்டவணையைத் தயார் செய்துவிட்டேன். திங்கட்கிழமை மேலாளர் மேசையில் இருக்கும்.

இப்படிக்கு,
அவினாசி சாலையிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்