4.2 என்று பட்டாசு வெடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சேலைக் கடையின் விளம்பரங்களைக் கவனிக்கும் ஏஜென்சியாருக்கு, பெங்களூரு அல்சூரிலிருந்து வணக்கம்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் "ரோஆஸ் 4.2! அடுத்த மாசம் பட்ஜெட்டை டபுள் பண்ணலாம் மேடம்" என்று போட்டிருந்தீர்கள், கூடவே பட்டாசுப் படம். விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 4.2 ரூபாய் விற்பனை என்பது உங்கள் கணக்கு. அப்போது நான் தரையில் உட்கார்ந்து, திரும்பி வந்த பார்சல்களைக் கிழித்து, சுங்குடிச் சேலைகளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 100 பார்சல். எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் போட்டவர்கள் டெலிவரிப் பையன் வந்ததும் போனை எடுக்கவில்லை.

உங்கள் திரையில் அந்த நூறும் விற்பனைதான். ஆர்டர் விழுந்த நொடியில் எண்ணிவிடுகிறது, திரும்பி வந்ததைக் கழிப்பதில்லை. 1 லட்சம் செலவு, தலா 1,050 ரூபாய்க்கு 400 ஆர்டர், 4.2 லட்சம். அந்த 1,050-இல் 50 ஜிஎஸ்டி, அது என் காசே இல்லை.

என் நோட்டைப் பாருங்கள். வரி போக 1,000. சேலை 550, கூரியர் 80, பேக்கிங் 20. ஒரு சேலைக்கு மிஞ்சுவது 350. கைக்குப் போய்ச் சேர்ந்த 300 சேலைக்கு 1,05,000. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூரியரும் பேக்கிங்குமாக 180 தண்டம், அதில் 18,000 போச்சு. மீதி 87,000. விளம்பரத்துக்குக் கொடுத்ததோ 1 லட்சம். அதற்கு மேல் உங்கள் பத்து சதவீதம். ஆக, பட்டாசு வெடித்த மாதத்தில் எனக்கு 23,000 நஷ்டம்.

இதே ஆர்டர்களுக்கு விளம்பரச் செலவு அந்த 87,000-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் எனக்கு நஷ்டமில்லை. 4.2 லட்சத்தை 87,000-ஆல் வகுத்தால் 4.8 வருகிறது. உங்கள் கட்டணத்தையும் சேர்த்தால் 5.3. உங்கள் திரையில் இதைத் தாண்டினால்தான் எனக்கு ஒரு ரூபாயாவது மிஞ்சும். பாதிக்குப் பாதி லாபம் வைத்து விற்பவருக்கு 4.2 கொண்டாட்டமாக இருக்கலாம், எனக்கு இல்லை. வாங்கியவர்களே மறுபடி வருவார்கள் என்பீர்கள். வந்தால் சந்தோஷம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள். அதற்குள் டபுள் பண்ணினால் நஷ்டமும் டபுள். புது ஆட்களைத் துரத்தப் போடும் இரண்டாவது லட்சம் முதல் லட்சம் அளவுக்கு ஆர்டர் கொண்டுவருவதும் அபூர்வம்.

செலவு ஏற ஏற உங்கள் கட்டணமும் ஏறுகிறது, அதனால் டபுள் என்ற யோசனை உங்களுக்கு மட்டும் இனிக்கிறதோ என்னவோ! சரி, கோபத்தில் எழுதக் கூடாது.

நான் கேட்பது ஒன்றுதான். வாரா வாரம் டெலிவரி ஆனதை மட்டும் வைத்து ரோஆஸ் போடுங்கள், பக்கத்திலேயே அதே டெலிவரிக் கணக்கில் என் நஷ்டமில்லாக் கோட்டையும் போடுங்கள். டெலிவரிக் கணக்கு ஒவ்வொரு திங்களும் நான் அனுப்புகிறேன். அதுவரை பட்ஜெட்டில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.