மூன்றாம் சேம்பருக்கு 'எல்லைக்கு வெளியே 0.0 மணி' என்று வந்த வெப்பநிலை அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்:
குளிர்பதனக் கிடங்கு உரிமையாளர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தினசரி வெப்பநிலை அறிக்கையில் மணிக்கணக்கு தவறு, சரக்கு நட்டம், பதில் கிடைக்காதது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் அலுவலகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியாமல், பேசியவர்களிடமே திரும்பத் திரும்பப் பேசிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பாதி படித்துவிட்டு "டிக்கெட் மூடப்பட்டது" என்று இன்னொரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட வேண்டாம்.

எங்கள் மூன்றாம் சேம்பரில் இருப்பது ஜி9 வாழைக்காய். அதற்கு 13.0 முதல் 14.5 டிகிரி என்று எல்லை போட்டுக் கொடுத்தவரே உங்கள் பொறியாளர்தான். ஜனவரி 17 அன்று நள்ளிரவுக்கு மேல் அந்த சேம்பரின் சொலினாய்டு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. குளிரூட்டும் வாயு நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால் அறை குளிர்ந்துகொண்டே போனது. காலையில் வந்த ஆபரேட்டர் பார்த்து வால்வை மாற்றினார். நான் வெளியூரில் இருந்தேன். அன்றைய அறிக்கை மின்னஞ்சலில் வந்ததும் முதலில் பார்த்தது மூன்றாம் சேம்பரைத்தான். `Hours out: 0.0` என்று பச்சை நிறத்தில் இருந்தது. அதை நம்பி லோடு ஏற்றச் சொன்னேன். வாங்குபவரும் அதே அறிக்கையைப் பார்த்துத்தான் சரக்கை எடுத்தார்.

மதுரையில் எத்திலீன் கொடுத்துப் பழுக்க வைத்தபோது பழம் மஞ்சளாக வரவில்லை. சாம்பல் பூத்த மாதிரி மங்கிப்போய் வந்தது. லோடு முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது. இங்கே மீதியிருந்த பச்சைக்காயைக் கத்தியால் மெல்லச் சீவிப் பார்த்தால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடுகள். குளிர் பட்ட காய்க்கு அதுதான் அடையாளம். வெளியே பார்க்கும்போது காய் பச்சையாக நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் உங்கள் கருவியின் மூலப்பதிவை இறக்கிப் பார்த்தேன்:

```
CH3  03:30  10.9
CH3  04:45  10.6
CH3  06:00  11.0
```

நள்ளிரவு 12:30 முதல் காலை 8 மணி வரை, 15 நிமிடத்துக்கு ஒன்றாக 30 பதிவுகள் 13 டிகிரிக்குக் கீழே இருக்கின்றன. ஏழரை மணி நேரம்! உங்கள் கருவி சரியாக அளந்திருக்கிறது. உங்கள் அறிக்கைதான் அதை எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை என்று கேட்கத்தான் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். அங்கே பேசியவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "சார், ரிப்போர்ட்ல சிவப்பு வரலைன்னா உங்க சரக்கு நல்லாத்தான் இருக்கும். கோல்டு ஸ்டோரேஜ்ல கூலிங் ஜாஸ்தியா இருந்தா சந்தோஷப்படுங்க" என்றார். அவர் மேலதிகாரியிடம் கொடுக்கச் சொன்னேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே போவது கேடு என்று எங்கள் கிடங்கில் பெட்டி தூக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். வெப்பநிலை அறிக்கை விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாதா?

பிறகு வேறொருவர், பொறுமையாகவே பேசினார், அவருக்கு நன்றி. கீழ் எல்லை திரையில் காட்டுவதற்கு மட்டும்தான், மணிக்கணக்கு மேல் எல்லையைத் தாண்டினால் மட்டும்தான் ஓடும், எஸ்எம்எஸ் எச்சரிக்கையும் அப்படித்தான் என்றார். அப்படியென்றால் 13.0 என்று எதற்குப் போட்டுக் கொடுத்தீர்கள்? முதல் இரண்டு சேம்பர்களில் கம்பம் பன்னீர் திராட்சை 0 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கே சூடு ஏறுவதுதான் பெரிய ஆபத்து, அதனால் அந்த அறிக்கை இதுவரை சரியாகவே தெரிந்தது. திராட்சைக்கு எழுதிய கணக்கை அப்படியே வாழைக்கும் ஓட்டியிருக்கிறீர்கள்.

வாழையில் எத்தனை மணி நேரம் என்பது மட்டும் போதாது, எவ்வளவு கீழே என்பதும் வேண்டும். முற்றிய பச்சைக்காய்க்கு 10 டிகிரியில் ஒரு மணி நேரமே போதும், 11.7 டிகிரியில் 5 மணி நேரம், 12.2 டிகிரியில் ஒரு நாள், 12.8 டிகிரியில் மூன்று நாள். இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு பாதிப்பைத் தரும். அட்டைப்பெட்டிக்குள் காய் காற்றைவிட மெதுவாகக் குளிரும் என்பது எனக்கும் தெரியும், அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அடிபடுவது தோல், சதைக்கு முன்பே தோல் குளிர்ந்துவிடும். ஊதுவிசிறிக்கு நேர் எதிரே இருந்த பெட்டிகள்தான் அதிகம் கெட்டிருந்தன.

இன்னொன்றும் இருக்கிறது. அதே நாள் மதியம் 2 முதல் 5 மணி வரை மின்தடை. ஜெனரேட்டருக்கு மாறியபோது உங்கள் கருவி நின்றுபோய், மூன்று மணி நேரத்துக்குப் பதிவே இல்லை. ஒரு நாளைக்கு 96 பதிவுகள் இருக்க வேண்டும், 84 தான் இருக்கின்றன. ஆனால் அறிக்கையில் 'எல்லைக்குள் 24.0 மணி'! 24 இலிருந்து வெளியே இருந்த நேரத்தைக் கழித்து, மிச்சமெல்லாம் பத்திரம் என்று போட்டுவிடுகிறீர்கள். உண்மையில் அன்று எல்லைக்குள் இருந்தது 13.5 மணி, கீழே 7.5 மணி, தெரியாதது 3 மணி. தெரியாத நேரத்தைப் பத்திரம் என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இதையெல்லாம் நேரில் காட்டலாம் என்று கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கும் வந்தேன். வரச் சொன்னவர் விடுப்பில் இருந்தார். மாலை வரை உட்கார வைத்து, சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறது, கருவி நல்லாயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சென்சார் சரியில்லை என்று நான் சொல்லவே இல்லையே! அன்று முழுவதும் கிடங்கு கருவியில்லாமல் ஓடியது.

ஒரு லோடு போனது மட்டுமல்ல. இத்தனை வருடம் கட்டிய பெயர் போய்விட்டது. இனி இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் என் சேம்பரில் ஒரு தார்கூட வைக்க மாட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். கீழ் எல்லைக்கு அடியில் போன நேரத்தை ஒவ்வொரு சேம்பருக்கும் தனியாகக் காட்டுங்கள், தொட்ட மிகக் குறைந்த வெப்பநிலையோடு சேர்த்து. பதிவு இல்லாத நேரத்தைத் 'தரவு இல்லை' என்று தனியே எழுதுங்கள். ஜனவரி 17 அறிக்கையைத் திருத்தி, உங்கள் முத்திரையோடு எனக்கும் வாங்கியவருக்கும் அனுப்புங்கள். அப்புறம் இந்த லோடின் நட்டத்தை ஈடுசெய்யுங்கள். உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. கருவி நல்ல கருவி, தொடர்ந்து பயன்படுத்தவே விரும்புகிறேன்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் வரும். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று உங்கள் ஆள் ஒருவர் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது, அவரைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு அழைப்பதாக இருந்தால், அந்த உதவி எண்ணில் பேசியவரைத் தவிர வேறு யாராவது அழையுங்கள்.

இப்படிக்கு,
கிடங்கு உரிமையாளர்

இணைப்பு: ஜனவரி 17 அறிக்கை, அதே நாள் மூலப்பதிவு, சீவிய காய்களின் படங்கள், லோடு திரும்பிய ரசீது.